‘அம்மா’ வருது, ‘அப்பா’ வரலை: அண்ணப்பிளவு உள்ள குழந்தைக்குப் பால், காது, பேச்சு மூன்றும் எப்படிப் பிணைந்திருக்கின்றன?

உதடு பிளந்து பிறக்கும் குழந்தையைப் பார்த்தவுடனே தெரிந்துவிடும். உதடு நன்றாக இருந்து, வாய்க்குள் மேல் அண்ணம் மட்டும் பிளந்திருந்தால்? முகத்தில் எந்த அடையாளமும் இருக்காது. ஊரே பார்த்து “களையா இருக்கு” என்று சொல்லும். ஆனால் குழந்தை பால் குடிக்கத் திணறும், எடை ஏறாது, ஒரு வயதுக்குப் பிறகு கூப்பிட்டால் திரும்பாது, மூன்று வயதில் பேசினால் பக்கத்து வீட்டுக்காரருக்குப் புரியாது. இவை மூன்று தனித்தனி நோய்கள் இல்லை. அண்ணத்தின் பின்பகுதியில் உள்ள சில சிறிய தசைகள் நடுவில் ஒன்றுசேராமல் போனதன் மூன்று விளைவுகள்.

இது எப்படி நடக்கிறது, எந்த மாதத்தில் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை ஓர் உதாரணக் குழந்தையை வைத்துப் பார்ப்போம். விழுப்புரம் மாவட்டம், செஞ்சி பக்கம் உள்ள பனமலையில் பிறந்த பெண் குழந்தை என்று வைத்துக்கொள்வோம். பிறந்தபோது எடை 2.8 கிலோ. உதடு சரியாக இருக்கிறது. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தாயிற்று. பெயர் வேண்டாம், பாப்பா என்றே சொல்வோம்.

(மருத்துவமனைப் பலகைகளில் ‘அன்னப்பிளவு’ என்று எழுதியிருப்பதை அதிகம் பார்க்கலாம். வாயின் மேல்தட்டுக்குப் பெயர் அண்ணம். ஆகவே இங்கே அண்ணப்பிளவு.)

பிறந்தவுடன் ஏன் தெரியவில்லை?

கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களிலேயே இது முடிவாகிவிடுகிறது. உதடு சுமார் ஏழாவது வாரத்துக்குள் இணைந்துவிடும். இடமும் வலமும் இருந்து வளரும் அண்ணத்தின் இரண்டு தட்டுகள் நடுவில் சந்தித்து ஒட்டுவது அதற்குப் பிறகு, ஏறக்குறைய 12-ஆவது வாரம் வரை நடக்கும். அந்த ஒட்டுதல் பாதியில் நின்றால் பிளவு. உதடு, அண்ணம் இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் உலக அளவில் சுமார் 700 பிரசவங்களில் ஒரு குழந்தைக்கு ஏதோ ஒரு வகைப் பிளவு இருக்கிறது. கிரகணத்தன்று அம்மா வெளியே வந்ததால் வருவது இல்லை. பல தாய்மார்கள் இன்னும் இந்தப் பழியைச் சுமக்கிறார்கள் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஐந்தாம் மாத ஸ்கேனில் உதட்டுப் பிளவு பெரும்பாலும் தெரிந்துவிடும். அண்ணம் மட்டும் பிளந்திருந்தால் பெரும்பாலும் தெரியாது. பிறந்த பிறகு வாய்க்குள் விரல் விட்டுத் தடவிப் பார்ப்பது வழக்கம். விரல் முன்பக்கத்து கடினமான அண்ணத்தைத் தொட்டு ‘சரியாக இருக்கிறது’ என்று சொல்லிவிடும். பிளவு பின்னால் மென்மையான பகுதியில் இருந்தால் கைக்கு அகப்படாது. டார்ச் அடித்து, நாக்கை மெதுவாக அழுத்திப் பிடித்து, உள்நாக்கு வரை கண்ணால் பார்த்தால்தான் தெரியும். பிரிட்டனில் குழந்தை மருத்துவர்களுக்கான வழிகாட்டுதலே விரலை நம்பாதே, கண்ணால் பார் என்றுதான் சொல்கிறது.

இன்னொரு வகை இன்னும் மறைவானது. மேலே தோல் மூடியிருக்கும், அடியில் தசை மட்டும் பிளந்திருக்கும். உள்நாக்கு இரண்டாகப் பிரிந்திருப்பது, அண்ணத்தின் நடுவில் நீலம் பாய்ந்த மெல்லிய கோடு தெரிவது ஆகியவை அதற்கான தடயங்கள். இந்த வகைக் குழந்தைகளில் சிலருக்குப் பள்ளிக்கூடம் போகும் வயதில்தான் விஷயம் தெரிய வருகிறது.

“நல்லாத்தான் சப்புது, பால்தான் இறங்கல”

நம் பாப்பாவைப் பற்றி அவளுடைய ஆயா சொல்வது இதுதான். வாக்கியத்தின் இரண்டு பாதியும் உண்மை.

குழந்தை பால் குடிக்க இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, ஈறாலும் நாக்காலும் காம்பை அழுத்துவது. இன்னொன்று, வாய்க்குள் காற்றை வற்றச் செய்து இழுப்பது. ஸ்ட்ராவில் ஓட்டை விழுந்தால் எவ்வளவு உறிஞ்சினாலும் இளநீர் மேலே வராது அல்லவா? அண்ணத்தில் பிளவு இருந்தால் வாய்க்கும் மூக்குக்கும் நடுவில் அதே மாதிரி ஓட்டை. அழுத்த முடியும், இழுக்க முடியாது. அதனால் பாப்பா ஒரு மணி நேரம் மார்பில் கிடக்கிறாள், களைத்துத் தூங்குகிறாள், அரை மணியில் அழுது எழுகிறாள். சில சமயம் மூக்கு வழியாகப் பால் வருகிறது. வீட்டில் ‘அம்மாவுக்குப் பால் போதவில்லை’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

12-ஆம் நாள் எடை பார்க்கிறார்கள்: 2.55 கிலோ. பிறந்த எடையைவிட 250 கிராம் குறைவு. முதல் சில நாள் எல்லாக் குழந்தைக்கும் எடை குறையும், ஆனால் இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடையைத் தொட்டுவிட வேண்டும். 12-ஆம் நாளும் கிட்டத்தட்ட 9 சதவீதம் குறைவாக இருந்தால், அண்ணத்தை டார்ச் அடித்துப் பார்த்தே ஆக வேண்டும். பார்க்கிறார்கள். பிளவு தெரிகிறது.

இப்போது என்ன செய்வது? மூக்குக்குழாய் போட வேண்டுமா? மூச்சுத் திணறல் இல்லாத, முழு மாதத்தில் பிறந்த குழந்தைக்குப் பெரும்பாலும் தேவையில்லை. விழுங்கும் திறன் நன்றாகவே இருக்கிறது, வாய்க்குள் பால் வந்து சேர்வதுதான் பிரச்சினை. ஆகவே பாலை நாம் வாய்க்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

வெளிநாட்டில் இதற்கென்றே அமுக்கினால் பால் வரும் மென்மையான பாட்டில்கள் இருக்கின்றன. நம் வீடுகளில் அதைவிட மலிவான ஒன்று ஏற்கெனவே இருக்கிறது: பாலாடை. சங்கு என்றும் சொல்வார்கள். மூக்கு நீண்ட அந்தச் சிறு கிண்ணம் இந்தக் குழந்தைக்குப் பொருத்தமான கருவி. இந்திய மருத்துவமனைகளில் குறைமாதக் குழந்தைகளுக்கும் இதில்தான் ஊட்டுகிறார்கள். கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்துச் சுத்தம் செய்வதும் பாட்டிலைவிடச் சுலபம்.

எவ்வளவு கொடுப்பது என்ற கணக்கு கடினமில்லை. முதல் வாரம் கடந்த குழந்தைக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 150 மில்லி. பிறந்த எடையான 2.8 கிலோவை வைத்தால் 420 மில்லி. எட்டு வேளையாகப் பிரித்தால் ஒரு வேளைக்கு 50 மில்லிக்குச் சற்று மேல். தாய்ப்பாலைப் பீய்ச்சி எடுத்துத்தான் கொடுக்க வேண்டும், இரவிலும் ஒருமுறையாவது பீய்ச்ச வேண்டும். மார்பில் குழந்தை இழுக்காததால், கையால் எடுக்காவிட்டால் பால் சுரப்பு சில நாளிலேயே வற்றத் தொடங்கிவிடும். எடுத்த பாலை மூடி வைத்து நான்கு மணி நேரத்துக்குள் கொடுத்துவிடலாம், சித்திரை வைகாசி வெயிலில் அதற்கும் முன்பே.

ஊட்டும் முறையில்தான் தவறு நடக்கிறது. படுக்கவைத்து ஊற்றக் கூடாது. தலையும் முதுகும் நேராக இருக்கும்படி, பாதி உட்கார்ந்த நிலையில் மடியில் சாய்த்துக்கொள்ள வேண்டும். பாலாடையின் மூக்கைக் கன்னத்தின் உள்பக்கம் வைத்துக் கொஞ்சமாக விட வேண்டும், தொண்டைக்கு நேராக விடக் கூடாது. விழுங்கும் அசைவு தெரிந்த பிறகுதான் அடுத்த சிறு அளவு. இந்தக் குழந்தைகள் பாலோடு காற்றையும் நிறைய விழுங்குவார்கள். நடுநடுவே தோளில் போட்டு ஏப்பம் எடுக்க வேண்டும். மூக்கில் கொஞ்சம் பால் வந்தால் பயப்பட வேண்டாம். துடைத்துவிட்டு, சற்று நிமிர்த்தி, வேகத்தைக் குறைத்தால் போதும். இருமினாலோ முகம் நீலம் பாய்ந்தாலோ நிறுத்திவிட வேண்டும். ஒரு வேளை அரை மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். அதற்கு மேல் இழுத்தால் குடிப்பதற்காகச் செலவழிக்கும் சக்தியே குடித்த பாலைத் தின்றுவிடும்.

சரியாக நடக்கிறதா என்பதற்கு எடைதான் சாட்சி. ஒரு நாளைக்கு 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும். நம் பாப்பா நாளுக்கு 25 கிராம் ஏறினாள் என்றால், இழந்த 250 கிராமைப் பிடிக்கப் பத்து நாள். 22-ஆம் நாள் 2.8 கிலோ. அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ வாரம் ஒருமுறை ஒரே தராசில் போட்டுப் பார்த்தால் போதும்.

எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது விரலை வாய்க்குள் விட்டுக் கோழை எடுப்பதும், மூக்கிலும் காதிலும் ஊதுவதும் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. எந்தக் குழந்தைக்கும் அது ஆகாது, இந்தக் குழந்தைக்குக் கூடவே கூடாது. குளிப்பாட்ட வரும் பாட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

தாடை மிகச் சிறியதாக, நாக்கு பின்னுக்கு விழுந்து, மூச்சு இழுக்கும்போது சத்தமும் நெஞ்சுக் குழியும் தெரிந்தால் அது வேறு கதை. அந்தக் குழந்தையை வீட்டில் வைத்துப் பாலாடையில் பழக்கிக்கொண்டிருக்கக் கூடாது, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சீழும் இல்லை, வலியும் இல்லை. பிறகு காதில் என்ன?

மூக்கின் பின்பக்கத்திலிருந்து நடுக்காதுக்கு ஒரு மெல்லிய குழாய் போகிறது. மலைப்பாதையில் பஸ் ஏறும்போது காது அடைத்து, எச்சில் விழுங்கினால் ‘டப்’ என்று திறக்கிறதே, அந்தக் குழாய்தான். விழுங்கும்போது அதை இழுத்துத் திறப்பது அண்ணத்தோடு இணைந்த ஒரு தசை. அண்ணம் பிளந்திருந்தால் அந்தத் தசைக்குப் பிடிமானம் இல்லை. குழாய் திறப்பதில்லை. நடுக்காதில் அடைபட்ட காற்றை உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிவிடும். காலியான இடத்தில் திரவம் ஊறும். நாளாக ஆக அது பசை மாதிரி கெட்டியாகும்.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் ஜாக் பாரடைஸ் என்ற மருத்துவரும் அவரது குழுவினரும் அண்ணப்பிளவு உள்ள 50 கைக்குழந்தைகளின் காதைப் பரிசோதித்து 1969-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கிட்டத்தட்ட எல்லாருக்கும் நடுக்காதுச் சிக்கல் இருந்தது. தாய்ப்பால் குடித்த குழந்தைகளுக்கு இந்தச் சிக்கல் குறைவு என்பதையும் பின்னாளில் அவரே பதிவு செய்தார். பீய்ச்சி ஊட்டும் சிரமத்துக்கு இன்னொரு காரணம் இது.

இந்தத் திரவத்தால் காது முழுதாகக் கேட்காமல் போவதில்லை. இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொண்டு டிவி பார்த்தால் எப்படி இருக்கும், ஏறக்குறைய அப்படி. சத்தம் வரும், சொல் தெளியாது. உரக்கக் கூப்பிட்டால் திரும்பும், சமையலறையிலிருந்து சாதாரணமாகக் கூப்பிட்டால் திரும்பாது. மழைக்காலத்தில் சளி பிடித்தால் மோசமாகும், கோடையில் கொஞ்சம் தேறும். இப்படி ஏறி இறங்குவதால்தான் வீட்டில் ஏமாந்துபோகிறார்கள். “வேணும்னா கேக்குது, வேணாம்னா கேக்கல, பிடிவாதம்” என்கிறார்கள். பேச்சைக் கற்க வேண்டிய முதல் இரண்டு மூன்று வருடம் இப்படியே போனால் பாதிப்பு காதோடு நிற்காது.

பிறந்தவுடன் செய்யும் செவித்திறன் பரிசோதனையில் இந்தக் குழந்தைகள் பலர் தேறமாட்டார்கள். அப்போது “அண்ணப்பிளவு இருக்கு, தண்ணியாத்தான் இருக்கும்” என்று விட்டுவிடுவது ஆபத்து. திரவத்துக்குப் பின்னால் உள்காது நரம்பிலேயே குறை இருந்தால் அதுவும் இதே மாதிரிதான் தெரியும். பெரா என்று சொல்லப்படும் பரிசோதனையில், தூங்கும் குழந்தையின் தலையில் ஒட்டுமுனைகள் வைத்து இரண்டையும் பிரித்தறியலாம். பிறகு டிம்பனோகிராம்: காதில் லேசான காற்றழுத்தம் கொடுத்து செவிப்பறை அசைகிறதா என்று பார்ப்பது. ஒரு நிமிடம்கூட ஆகாது. நல்ல காதில் படம் குன்று போல எழும், திரவம் நிறைந்த காதில் தட்டையான கோடுதான் வரும்.

தட்டைக்கோடு வந்த உடனே ஆபரேஷன் என்பதில்லை. பொதுவாக மூன்று மாதம் விட்டு மறுபடி பார்ப்பார்கள். தொடர்ந்து இருந்து, கேட்கும் திறனும் குறைந்திருந்தால் வழி இரண்டு. ஒன்று, செவிப்பறையில் சிறு துளை போட்டு, கிரோமெட் என்ற குட்டிக் குழாயை வைப்பது. திரவம் வெளியேறி, காற்று உள்ளே போகும், அன்றே கேட்கும் திறன் மாறும். அண்ண ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்கும்போதே இதையும் சேர்த்துச் செய்துவிடலாம். சேர்த்துச் செய்வீர்களா என்று முன்பே கேட்டுவிடுங்கள், இரண்டாவது மயக்கம் மிச்சமாகும். ஆனால் கிரோமெட் 6 முதல் 12 மாதத்தில் தானாக விழுந்துவிடும். இந்தக் குழந்தைகளுக்குத் திரவம் திரும்பவும் வரும். திரும்பத் திரும்பக் குழாய் வைத்தால் செவிப்பறையில் தழும்போ நிரந்தர ஓட்டையோ வரக்கூடும். அதனால் எல்லாருக்கும் வைக்கலாமா, தேவைப்பட்டவருக்கு மட்டுமா என்பதில் மருத்துவர்களிடையே இன்னமும் ஒருமித்த கருத்து இல்லை. இரண்டாவது வழி, திரவம் வடியும் காலம் வரை காது கேட்கும் கருவி. ‘சின்னக் குழந்தைக்கு மெஷினா’ என்று குடும்பம் தயங்கும். கண்ணாடி மாதிரி கொஞ்ச வருடத்துக்கு என்று எடுத்துக்கொள்ளலாம்.

காதில் நல்லெண்ணெயோ பூண்டு எண்ணெயோ காய்ச்சி ஊற்றுவதால் பயனில்லை. திரவம் இருப்பது செவிப்பறைக்கு உள்ளே, எண்ணெய் நிற்பது வெளியே. கிரோமெட் வைத்த காதில் ஊற்றினால் நேராக நடுக்காதுக்குப் போய்விடும். வீட்டுக்குள் பீடி, சிகரெட் புகையும் விறகடுப்புப் புகையும் குறைந்தால் காதுக்கு உண்மையிலேயே நல்லது.

ஆபரேஷன் எப்போது?

இந்தியாவில் அண்ண ஆபரேஷன் பெரும்பாலும் 9 மாதத்துக்கு மேல், ஒன்றரை வயதுக்குள் நடக்கிறது. ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் 558 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு 6 மாதத்திலும் மறுபாதிக்கு 12 மாதத்திலும் ஆபரேஷன் செய்து, ஐந்து வயதில் பேச்சை ஒப்பிட்ட ஆய்வு 2023-இல் வெளியானது. அண்ணம் சரியாக மூடாத நிலை முதல் பிரிவில் சுமார் 9 சதவீதம் பேருக்கு, இரண்டாம் பிரிவில் 15 சதவீதம் பேருக்கு இருந்தது. இதைப் படித்துவிட்டு ஆறு மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை. அந்த வயதில் பாதுகாப்பாக மயக்கம் கொடுக்கும் வசதி உள்ள மையங்களில், நன்றாக எடை ஏறிய குழந்தைகளிடம் கிடைத்த முடிவு அது. நமக்கான பாடம் வேறு: ஒரு வயதைத் தாண்டிக் காரணமில்லாமல் தள்ளிப்போடக் கூடாது. “மூணு வயசு ஆகட்டும், தாங்குவா” என்று காத்திருந்தால், அதற்குள் குழந்தை தப்பான முறையில் பேசப் பழகிவிடும்.

வல்லினம் ஏன் வராது?

இங்கேதான் நம் இலக்கணம் உதவிக்கு வருகிறது. க ச ட த ப ற வல்லினம், ங ஞ ண ந ம ன மெல்லினம் என்று பள்ளியில் பாட்டாகப் படித்தது ஞாபகம் இருக்கிறதா? மெல்லினத்துக்குக் காற்று மூக்கு வழியாகப் போக வேண்டும். வல்லினத்துக்கு அண்ணத்தின் பின்பகுதி மேலே எழும்பி மூக்கை அடைக்க வேண்டும், காற்று வாய்க்குள் தேங்கிச் சட்டென வெளியேற வேண்டும். அடைக்கும் கதவு இல்லாத குழந்தைக்கு மெல்லினம் சிரமமில்லாமல் வரும். ய, ல, வ மாதிரியான இடையினமும் ஓரளவு வரும். வல்லினம் வராது.

அதனால்தான் ‘அம்மா’ தெளிவாக வருகிறது. ‘அப்பா’வும் ‘அம்மா’ மாதிரியே கேட்கிறது. ‘தாத்தா’ ‘நான்னா’ ஆகிறார், ‘பாட்டி’ ‘மாண்ணி’ ஆகிறார். அப்பாவுக்கு இது மனக்குறை, குழந்தைக்கோ அண்ணக்குறை.

சில குழந்தைகள் இதைவிடச் சாமர்த்தியமாக ஒரு குறுக்குவழி கண்டுபிடிக்கிறார்கள். வாயில் காற்றைத் தேக்க முடியவில்லையா, தொண்டையிலேயே நிறுத்தி வெட்டிவிடுவோம் என்று. ‘அப்பா’ சொல்லும்போது ‘ப்’ வர வேண்டிய இடத்தில் தொண்டையில் விக்கல் போல ஒரு வெட்டு மட்டும் கேட்கும். இது பழகிவிட்டால் ஆபரேஷன் எவ்வளவு நன்றாக நடந்திருந்தாலும் தானாகப் போகாது. கதவு வந்த பிறகும் குழந்தை பழைய சந்து வழியாகவே போய்க்கொண்டிருக்கும். இதை மாற்றுவது பேச்சுப் பயிற்சி மட்டுமே.

மாறாக, ஆபரேஷனுக்குப் பிறகும் அண்ணம் நீளம் போதாமலோ சரியாக எழும்பாமலோ இருந்தால் மூக்கில் காற்று கசியும். அதற்குப் பயிற்சி மட்டும் போதாது. ஆபரேஷன் செய்த குழந்தைகளில் 100-க்கு 20 முதல் 30 பேருக்கு இப்படி இரண்டாவது ஆபரேஷன் தேவைப்படுகிறது. பழக்கமா, கசிவா என்று பிரித்துச் சொல்வதுதான் பேச்சுப் பயிற்சியாளரின் முதல் வேலை. அதைச் செய்யாமல் மாதக்கணக்கில் பயிற்சி கொடுப்பதும் வீண், அவசரமாகக் கத்தி வைப்பதும் வீண்.

வீட்டிலேயே ஒரு முதல் சோதனை செய்யலாம். மூன்று வயதுக் குழந்தையின் மூக்குக்கு அடியில் சின்னக் கண்ணாடியைப் பிடித்து ‘பாப்பா’, ‘தாத்தா’, ‘காக்கா’ என்று சொல்லச் சொல்லுங்கள். கண்ணாடியில் ஆவி படியக் கூடாது. படிந்தால் மூக்கில் காற்று கசிகிறது. ‘மாமா’ என்றால் எல்லாருக்கும் ஆவி படியும், அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். சொல்லி முடித்து மூச்சு விடுவதற்குள் கண்ணாடியை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மூச்சின் ஆவியைப் பார்த்து ஏமாந்துவிடுவோம்.

ஊதல் வாங்கிக் கொடுக்கலாமா?

பல வீடுகளில் ஆபரேஷன் முடிந்ததும் ஊதல், பலூன், சோப்புக் குமிழி எல்லாம் வாங்கிக் கொடுத்து ஊதச் சொல்கிறார்கள். விளையாட்டுக்குச் சரி, பேச்சுக்கு உதவாது. ஊதும்போது அண்ணம் வேலை செய்யும் விதம் வேறு, பேசும்போது வேறு. ‘ப’ வர வேண்டும் என்றால் ‘ப’வைத்தான் பழக வேண்டும்.

ஆபரேஷனுக்கு முன்பு, குழந்தைக்கு வருகிற ஒலிகளில் நிறையப் பேச வேண்டும்: மாமா, நாய், வா, யானை. தொண்டையில் வெட்டிப் பேசினால் சிரித்துக் கொஞ்சி அதை ஊக்கப்படுத்த வேண்டாம், திட்டவும் வேண்டாம். சரியான சொல்லை நாம் தெளிவாகச் சொல்லிக் காட்டினால் போதும். ஆபரேஷன் புண் ஆறி, மருத்துவர் சரி என்ற பிறகு, முகம் பார்த்து ‘பா பா பா’ விளையாட வேண்டும். ‘பா’ சொல்லும் கணத்தில் குழந்தையின் மூக்கை மெதுவாகப் பிடித்தால் காற்றுக்கு வாயைத் தவிர வேறு வழியில்லை. முதன்முறையாக உதட்டில் ‘ப’ வெடிப்பதைக் குழந்தையே உணரும். பிறகு ‘அப்பா’, அப்புறம் ‘அப்பா வா’. ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் இரண்டு வேளை, சோறூட்டும்போதே செய்யலாம்.

பத்து மாதத்திலும் மழலையில் ம, ந தவிர வேறு மெய்யொலி இல்லை, இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்க்கவில்லை, மூன்று வயதில் வெளியாள் பாதிகூடப் புரிந்துகொள்ளவில்லை. இதில் எது இருந்தாலும் காதையும் பேச்சையும் ஒரே வாரத்தில் சோதிக்க வேண்டும். காதைப் பார்க்காமல் பேச்சுப் பயிற்சி ஆரம்பிப்பது அடைத்த வாய்க்காலில் தண்ணீர் விடுவது போல.

பனமலையிலிருந்து எங்கே போவது?

பிறவிக் குறைகளைக் கண்டறிய 2013-இல் தொடங்கிய மத்திய அரசின் குழந்தை நலத் திட்டத்தில் உதடு, அண்ணப் பிளவும் அடக்கம். அதன் நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிக்கு வருடத்துக்கு இருமுறையும், அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் வரவேண்டும். அவர்கள் அனுப்புவது மாவட்ட அளவிலான ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு. விழுப்புரம் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை முண்டியம்பாக்கத்தில் இருக்கிறது, பெரிய சிகிச்சைக்கு புதுச்சேரி ஜிப்மரும் எட்டும் தூரம்தான். எங்கே கேட்பது என்று தெரியாவிட்டால் 104-க்கு போன் செய்யலாம்.

ஆபரேஷன் கிடைப்பது இப்போது அவ்வளவு கடினமில்லை, தொண்டு நிறுவனங்கள் மூலம் இலவசமாகவும் நடக்கிறது. கடினம் அதற்குப் பிறகுதான். பேச்சுப் பயிற்சி என்றால் வாரம் ஒருமுறை, மாதக்கணக்கில். ஒவ்வொரு முறையும் பஸ் மாறி நகரத்துக்குப் போனால் ஒரு நாள் கூலி போச்சு. மூன்றாவது வாரம் குடும்பம் வராது. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

இதற்கு ஒரு விடை பக்கத்திலேயே முயன்று பார்க்கப்பட்டது. சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவ நிறுவனத்தின் பிளவு சிகிச்சைக் குழு, திருவண்ணாமலை, கடலூர் மாவட்டங்களில் உள்ளூர் ஆட்களையே சமுதாயப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தது. குழந்தையைக் கண்டுபிடிப்பது, ஆபரேஷனுக்கு அழைத்துவருவது, பிறகு ஊர்ப்பக்கத்திலேயே பேச்சுப் பயிற்சி நடத்துவது அவர்கள் வேலை. பேச்சு நிபுணர்கள் திட்டம் போட்டுக் கொடுத்து மேற்பார்வை செய்வார்கள். நகரத்து மருத்துவமனைக்கு வாராவாரம் வர முடியாத குழந்தைகளிடமும் பேச்சில் முன்னேற்றம் தெரிந்தது. வரைபடத்தில் பார்த்தால் அந்த இரண்டு மாவட்டத்துக்கும் நடுவில்தான் விழுப்புரம் இருக்கிறது.

பாப்பாவின் அட்டவணையைச் சுருக்கமாகச் சொன்னால் இப்படி இருக்கும். முதல் இரண்டு மாதம் வாரா வாரம் எடை. மூன்று மாதத்துக்குள் பெரா. ஒரு வயதுக்குள் அண்ண ஆபரேஷன், தேவைப்பட்டால் அப்போதே கிரோமெட். அதன்பின் ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை காது, ஒன்றரை, மூன்று, ஐந்து வயதில் பேச்சுச் சோதனை. காதுக்குழாய் வளர வளரத் திரவம் குறைந்து, பெரும்பாலான குழந்தைகளுக்கு ஏழு முதல் பத்து வயதுக்குள் தேறிவிடும். பள்ளியில் அதுவரை முதல் பெஞ்ச்.

கடைசியாக ஒரு விஷயம், தெரியாததால் பலர் மாட்டிக்கொள்வது. ஐந்தாறு வயதில் சளி, குறட்டை என்று காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனால் மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையை எடுக்கலாம் என்பார். சாதாரணக் குழந்தைக்கு அது சிறிய ஆபரேஷன். அண்ணப்பிளவு தைத்த குழந்தைக்கு, நீளம் குறைந்த அண்ணம் சாய்ந்து மூடிக்கொள்ளும் திண்டே அந்தச் சதைதான். அதை எடுத்தால் தெளிந்திருந்த பேச்சு ஒரே நாளில் மூக்கால் பேசுவது போல ஆகிவிடலாம். உள்நாக்கு இரண்டாகப் பிரிந்த குழந்தைக்கும் இதே ஆபத்து. தையல் நன்றாக ஆறிய அண்ணத்தில் பழைய பிளவு வெளிப்பார்வைக்குத் தெரியாது. ஆகவே முதல் ஆபரேஷனின் டிஸ்சார்ஜ் சீட்டைப் பத்திரமாக வைத்திருந்து, “அண்ணத்துல ஆபரேஷன் பண்ண பிள்ளைங்க” என்று ஒவ்வொரு புது டாக்டரிடமும் முதலில் காட்டிவிட வேண்டும்.